ஆய்வுச் சுருக்கத்தை ஐந்து நிமிடப் பேச்சாக்குவது: ஒரு கண்மாய் ஆய்வை வைத்துப் படிப்படியாக

கருத்தரங்குக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டு, ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள கல்லூரிகளில் நீர், வேளாண்மை, சுற்றுச்சூழல் என்று நடக்கும் கருத்தரங்குகளில் கேட்க உட்காருபவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. முன்வரிசையில் பேராசிரியர்கள், அடுத்து நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர், விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்த நாலைந்து பேர், பின்னால் வேதியியலோ தமிழோ படிக்கும் மாணவர்கள். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த ஐந்து நிமிடம்.

புதிதாகப் பேச வருபவர்கள் பெரும்பாலும் சுருக்கத்தையே நாலைந்து ஸ்லைடாக வெட்டி ஒட்டி வாசித்துவிடுகிறார்கள். இருநூற்றைம்பது சொல்லை வாசிக்க மூன்று நிமிடம்தான் ஆகும் என்பதால் அது நேரத்துக்குள் அடங்கியும் விடுகிறது. ஆனால் சுருக்கம் கண்ணால் படிப்பதற்கு எழுதியது. புரியாவிட்டால் படிப்பவர் மேல் வரிக்குத் திரும்பிப் போகலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு வரி புரியாமல் போனால் அவர் அதையே நினைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த இரண்டு வரியும் போய்விடும்.

எப்படி மாற்றுவது என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக் கடைசி வரை பார்ப்போம். கீழே இருப்பது இந்தப் பயிற்சிக்காகவே எழுதிய மாதிரிச் சுருக்கம். இதிலுள்ள ஆய்வும் எண்களும் கற்பனை. நடையை மட்டும் வழக்கமான சுருக்கங்களைப் போலவே வைத்திருக்கிறோம்.

"அரைவறண்ட மண்டலங்களில் நீர்த்தேக்கக் கட்டமைப்புகளின் வண்டல் அகற்றம் ஆழமற்ற நிலத்தடி நீர்மட்டத்தில் ஏற்படுத்தும் தாக்கம் குறித்த அளவுசார் சான்றுகள் குறைவாகவே உள்ளன. மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தூர்வாரப்பட்ட 9, தூர்வாரப்படாத 9 என 18 மானாவாரிக் கண்மாய்கள் தேர்வு செய்யப்பட்டு, அவற்றின் ஆயக்கட்டில் அமைந்த 54 திறந்த கிணறுகளின் நீர்மட்டம் 24 மாதங்களுக்கு மாதம் ஒருமுறை பதிவு செய்யப்பட்டது. கரையிலிருந்து 500 மீட்டருக்குள் அமைந்த கிணறுகளில், பருவமழைக்குப் பிந்தைய மூன்று மாதங்களில், தூர்வாரப்பட்ட தொகுதியின் நீர்மட்டம் சராசரியாக 1.4 மீ உயர்ந்து காணப்பட்டது (95% நம்பிக்கை இடைவெளி 0.6–2.2 மீ; p = 0.002). 500 மீட்டருக்கு அப்பாலும், கோடை மாதங்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மின்கடத்துதிறன், நைட்ரேட் அளவுகளும் ஆராயப்பட்டன. வண்டல் அகற்றம் நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கு உகந்த உத்தியாக அமையலாம்."

முதல் வேலை: ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது

சுருக்கத்தைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும், "இது இல்லாவிட்டால் கேட்பவருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில் எழுதுங்கள். மேலே உள்ள சுருக்கத்தின் முதல் வாக்கியம் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சான்று குறைவு என்பது ஆய்வாளரின் பிரச்சினை. மின்கடத்துதிறனும் நைட்ரேட்டும் போனாலும் கேட்பவர் தவித்துப்போக மாட்டார். "ஆராயப்பட்டன" என்று மட்டும் இருக்கிறதே தவிர, என்ன தெரிந்தது என்று அதில் எதுவும் இல்லை. கடைசி வாக்கியம் எந்த நீர் ஆய்வின் அடியிலும் ஒட்டக்கூடியது. அதையும் அடித்துவிடலாம்.

மிஞ்சுவது 1.4 மீட்டர், 500 மீட்டர், மூன்று மாதம், கோடை. இங்கே பலரும் பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். "தூர் வாரிய கண்மாய்ப் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் 1.4 மீட்டர் உயர்ந்தது" என்று சுருக்கிவிட்டால், கண்மாயிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கிணறு வைத்திருப்பவரும் சித்திரை மாதத்தில் அந்த நாலரை அடியை எதிர்பார்ப்பார். எவ்வளவு தூரம், எத்தனை மாதம் என்ற வரம்பும் கண்டுபிடிப்பின் பகுதிதான். விவசாயிக்கும் பொறியாளருக்கும் அதுதான் அதிகம் பயன்படும். ஆகவே நம் ஒரே வாக்கியம் இப்படி அமையும்: "தூர் வாரிய கண்மாயின் கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகளில், மழை முடிந்து மூன்று மாதம் வரை, தண்ணீர் நாலரை அடி மேலே நிற்கிறது."

இதைச் சரிபார்க்க, துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தூரத்தையும் மாதத்தையும் அவர் விட்டுவிட்டால் வாக்கியம் இன்னும் சரியாக அமையவில்லை. அப்போது இரண்டாக உடைத்துச் சொல்லிப் பாருங்கள். சுருக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் இந்த வேலையைத் தாளைப் பார்க்காமல் செய்வது நல்லது. வரிக்கு வரி மொழிபெயர்த்தால் ஆங்கிலச் சுருக்கத்தின் வரிசையும் இறுக்கமும் தமிழுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும்.

வரிசையைத் திருப்புவது

சுருக்கத்தில் பின்னணி, முறை, முடிவு, பொருள் என்று ஒரு வரிசை உண்டு. பேச்சில் முடிவு முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். காரணம் நேரடியானது. முடிவு தெரிந்த பிறகு "54 கிணறுகளை அளந்தோம்" என்றால், கேட்பவர் அந்த முடிவை நம்பலாமா என்று எடைபோட்டுக்கொண்டே கேட்பார். முடிவு தெரியாமல் அதே வரியைக் கேட்டால், அந்த எண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியாது.

தொடக்கத்தில் நேரத்தைத் தின்பது இன்னொன்றும் இருக்கிறது. மேடையில் வீற்றிருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து, துறைத் தலைவருக்கும் நெறியாளருக்கும் நன்றி சொல்லி, தன் பெயரையும் தலைப்பையும் சொல்லி முடிப்பதற்குள் நாற்பது, ஐம்பது விநாடி போய்விடும். முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் அது தெரியாது. ஐந்து நிமிடத்தில் அது ஆறில் ஒரு பங்கு. பெயரையும் தலைப்பையும் அமர்வுத் தலைவர் வாசித்துவிடுவார். நன்றியைக் கடைசி ஸ்லைடின் அடியில் எழுதிவிடலாம். "அனைவருக்கும் வணக்கம்" என்று கைகூப்பினால் அதிலேயே எல்லாருக்கும் மரியாதை சேர்ந்துவிடுகிறது. நேரமும் மூன்று விநாடிதான்.

நம் எடுத்துக்காட்டின் தொடக்கம் முழுதாக:

"அனைவருக்கும் வணக்கம். கண்மாயைத் தூர் வாரினால் கிணற்றில் தண்ணீர் ஊறும் என்று நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். எவ்வளவு ஊறும்? எவ்வளவு தூரத்துக் கிணறு வரைக்கும் ஊறும்? எத்தனை மாதம் நிற்கும்? இந்த மூன்றையும் இரண்டு வருஷம் அளந்து பார்த்தோம். தூர் வாரிய கண்மாயை ஒட்டி, கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளில், மழை முடிந்து மூன்று மாதம் வரை தண்ணீர் நாலரை அடி மேலே நின்றது. அதைத் தாண்டிய கிணறுகளில் வித்தியாசம் தெரியவில்லை. கோடையிலும் தெரியவில்லை."

நிதானமாகச் சொன்னாலும் இது முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். இதோடு பேச்சு நின்றுபோனாலும் கேட்டவர் கையில் ஒன்று மிஞ்சும். அடுத்த ஒரு நிமிடம் எப்படி அளந்தீர்கள் என்பதற்கு. அதன்பின் ஒன்றேகால் நிமிடம் ஒரே ஒரு படத்துக்கு. அதன்பின் ஒரு நிமிடம், இந்த முடிவு எங்கே பொருந்தாது என்பதற்கு. கடைசி அரை நிமிடத்தில் கேட்பவர் இதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்க வேண்டும். மொத்தம் நாலரை நிமிடம் வரும். மிச்ச அரை நிமிடத்தை மேடை ஏறவும், மைக்கைச் சரிசெய்யவும், தொண்டையைக் கனைக்கவும் விட்டுவைக்க வேண்டும். அது எப்படியும் செலவாகிவிடும்.

முறையைச் சொல்லும்போது மூன்று விஷயம் போதும்: எதை எதோடு ஒப்பிட்டோம், எத்தனை, எவ்வளவு நாள். "தூர் வாரிய கண்மாய் ஒன்பது, வாராத கண்மாய் ஒன்பது. ஒவ்வொன்றிலும் மூன்று கிணறு. மாதம் ஒருமுறை போய், கிணற்று மேடையிலிருந்து தண்ணீர் வரைக்கும் டேப் விட்டு அளந்தோம். இருபத்து நாலு மாதம்." எந்த மென்பொருளில் கணக்குப் போட்டீர்கள் என்பது இங்கே வேண்டாம். ஆனால் டேப் விட்டு அளந்ததைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அளந்த விதம் கண்ணில் தெரிந்தால்தான் கேட்பவருக்கு எண்ணில் நம்பிக்கை வரும்.

எண்ணைச் சொல்வது

1.4 மீட்டர் என்பது ஆய்வாளருக்குச் சரி. கிணறு வைத்திருப்பவர் அடியில்தான் நினைக்கிறார். ஒரு மீட்டர் 3.28 அடி என்ற கணக்கில் 1.4 மீட்டர் 4.6 அடி. பேச்சில் "நாலரை அடி" என்றால் போதும். "நடுத்தர உயரமுள்ள ஒருவரின் தோள் அளவு" என்று கையைத் தோளுக்கு நேராக வைத்துக் காட்டினால் இன்னும் பதியும். ஸ்லைடில் 1.4 மீ என்று இருக்கட்டும். வாய் அடியில் சொல்லட்டும். இரண்டு தரப்பும் தங்கள் அளவை எடுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று முடிவு எண்களுக்கு மேல் சொல்லாதீர்கள். நமக்கு நாலரை அடி, அரை கிலோமீட்டர், மூன்று மாதம் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டன.

அடுத்தது நம்பிக்கை இடைவெளி. 0.6 முதல் 2.2 மீட்டர் என்றால் சுமார் இரண்டடி முதல் ஏழடி. இதை முழுக்க விட்டுவிட்டால் நாலரை அடி என்பது அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி உறுதியாகக் கேட்கும். "ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டடி முதல் ஏழடி வரை கூடியது" என்று சொன்னால் அது தப்பாகிவிடும். அந்த இடைவெளி சராசரி வித்தியாசத்துக்கு உரியது, தனித்தனிக் கிணற்றுக்கு உரியது அல்ல. சில கிணற்றில் ஒன்றுமே கூடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் கேட்பவரோ "என் கிணற்றில் குறைந்தது இரண்டடி நிச்சயம்" என்று எடுத்துக்கொண்டு போவார். சரியான வடிவம் இது: "நாலரை அடி என்பது சராசரி. நாங்கள் அளந்தது கொஞ்சம் கிணறுகள்தான் என்பதால், அந்தச் சராசரி உண்மையில் இரண்டடியாகவும் இருக்கலாம், ஏழடியாகவும் இருக்கலாம். ஒரு தனிக் கிணற்றில் இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கும்." இதற்கு இருபது விநாடி பிடிக்கும். அந்த இருபது விநாடியை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

p மதிப்பை வாயால் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் மூலையில் சிறிதாக p = 0.002 என்று போட்டுவிட்டால் தேவைப்படுபவர் பார்த்துக்கொள்வார். புள்ளியியலில் "குறிப்பிடத்தக்க" என்பது ஒரு கலைச்சொல். பேச்சில் அதையே சொன்னால் "பெரிய" என்றுதான் காதில் விழும். ஆகவே கோடையைப் பற்றிச் சொல்லும்போது "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்றும் வேண்டாம், "பலன் இல்லை" என்றும் வேண்டாம். "எங்கள் அளவீட்டில் வித்தியாசம் தெரியவில்லை" என்பதே உண்மைக்கு நெருக்கம். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இன்னும் நிறையக் கிணறுகளை அளந்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

ஓர் உருபு செய்யும் தவறு

எளிமையாக்கும்போது அதிகம் நடக்கும் பிழை இது. சுருக்கத்தில் "தூர்வாரப்பட்ட தொகுதியின் நீர்மட்டம் உயர்ந்து காணப்பட்டது" என்று இருக்கிறது. பேச்சில் அது "தூர் வாரியதால் நீர்மட்டம் உயர்ந்தது" என்று ஆகிவிடும். இடையில் நுழைந்தது "ஆல்" என்ற மூன்றாம் வேற்றுமை உருபு மட்டும்தான். ஆனால் அது ஆய்வில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது. இந்த மாதிரி ஆய்வில் எந்தக் கண்மாயைத் தூர் வாருவது என்று ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ஏற்கெனவே தூர் வாரியிருந்ததையும் வாராததையும் எடுத்து ஒப்பிட்டார்கள். விவசாயிகள் ஒற்றுமையாக இருக்கும் ஊரில் தூர் முதலில் வாரியிருக்கலாம். அதே ஊரில் வரத்துக் கால்வாயும் ஆக்கிரமிப்பு இல்லாமல் சுத்தமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த நாலரை அடியில் கால்வாயின் பங்கு எவ்வளவு, தூரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

எழுதி முடித்த பேச்சில் "ஆல்", "காரணமாக", "விளைவாக" ஆகியவை வரும் இடங்களையெல்லாம் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை நாங்கள் சோதித்தோமா, ஊகித்தோமா?" என்று கேளுங்கள். ஊகம் என்றால் "என்று நினைக்கிறோம்" என்று சேர்க்க வேண்டும், அல்லது "மேலே நின்றது" என்று பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நம் தொடக்கத்தில் வரும் "தூர் வாரினால்" ஊரார் சொல்வதாகத்தான் வருகிறது. ஆகவே அது இருக்கலாம்.

பொருந்தாத இடங்களுக்கு ஒதுக்கிய ஒரு நிமிடத்தில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதோடு இன்னும் இரண்டு. அளந்தவை எல்லாம் மானாவாரிக் கண்மாய்கள். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறையும் கண்மாய்களுக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுபோக முடியாது. அளந்தவை எல்லாம் திறந்த கிணறுகள். போர்வெல் ஆழத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. அதற்கும் இது பதில் சொல்லாது. இந்த மூன்றையும் தயங்காமல், தலை குனியாமல் சொல்லலாம். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். எங்கே பொருந்தும் என்று எல்லை போட்டுக்கொடுப்பது கேட்பவருக்குச் செய்யும் உதவி.

யாருக்கு எந்தச் சொல் புரியாது

கலப்பான அவை என்றதும், விவசாயிக்கு ஆய்வுச் சொல் புரியாது என்று மட்டும் நினைக்கிறோம். மறுபக்கமும் உண்டு. மடை, கலுங்கு, ஆயக்கட்டு, வரத்துக் கால்வாய் எல்லாம் கிராமத்திலிருந்து வந்தவருக்கு வீட்டுச் சொற்கள். நகரத்தில் வளர்ந்த வேதியியல் மாணவிக்கு அவை p மதிப்பைப் போலவே புதியவை. ஆகவே இரண்டு வகைச் சொல்லையும் சலிக்க வேண்டும். ஒரு சொல் இல்லாமல் பேச முடியுமானால் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் முதல்முறை வரும்போதே ஒரு மூச்சில் விளக்கிவிடுங்கள்: "ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு." "மானாவாரிக் கண்மாய், அதாவது ஆற்றுத் தண்ணீர் வராமல் மழையை மட்டும் நம்பி நிறைவது." விளக்கியபின் அதே சொல்லையே கடைசி வரை வைத்திருங்கள். ஒருமுறை கண்மாய், அடுத்தமுறை ஏரி, பிறகு நீர்நிலை, பிறகு நீர்த்தேக்கக் கட்டமைப்பு என்று மாற்றினால், நாலும் வேறு வேறு என்று கேட்பவர் நினைப்பார். கட்டுரையில் அழகாக இருக்கும் சொல்மாற்றம் பேச்சில் குழப்பம் தரும்.

செயப்பாட்டு வினையையும் மாற்றுங்கள். "பதிவு செய்யப்பட்டது" என்பது "அளந்தோம்" ஆகட்டும், "தேர்வு செய்யப்பட்டு" என்பது "எடுத்துக்கொண்டோம்" ஆகட்டும். வாக்கியம் சிறியதாகும், மூச்சும் வாங்காது.

மூன்று ஸ்லைடும் ஒரு படமும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில் அசையாத ஒரே ஒரு ஸ்லைடுதான் அனுமதி. ஐந்து நிமிடத்துக்கு மூன்று போதும்: அந்த ஒரே வாக்கியம், ஒரு படம், எங்கே பொருந்தாது என்ற மூன்று வரிகள். எழுத்து 28 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தமிழில் கொம்பும் சுழியும் சிறிய அளவில் கலங்கித் தெரியும் என்பதால், ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் 20 புள்ளி தமிழுக்கு ஆகாது.

படத்தில் ஒரு பொறி இருக்கிறது. கிணற்று அளவீட்டில் எழுதிவைப்பது தரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள ஆழம். அதை அப்படியே கோட்டுப்படமாகப் போட்டால், தண்ணீர் கீழே போகப்போகக் கோடு மேலே ஏறும். தூர் வாரிய கண்மாயின் கோடு மற்றதற்குக் கீழே இருக்கும். பார்ப்பவர் "தூர் வாரிய இடத்தில் குறைந்திருக்கிறதே" என்று நினைத்துவிடுவார். நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அந்த ஒன்றேகால் நிமிடமும் காலியாகிவிடும். அச்சைத் தலைகீழாக்கிப் பூஜ்யத்தை மேலே வையுங்கள். எக்செல்லில் அச்சைச் சொடுக்கி, மதிப்புகளைப் பின்னிருந்து வரிசைப்படுத்தும் தெரிவைக் குறியிட்டால் போதும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிணற்றைக் குறுக்குவெட்டாக வரையுங்கள். மேலே தரைக்கோடு. ஒன்றில் தண்ணீர் மேலே, மற்றதில் கீழே. நடுவில் ஓர் அம்புக்குறி, "1.4 மீ". இதை விளக்கவே வேண்டாம்.

நிறத்துக்கு நீலமும் ஆரஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் அவையில் இருக்கலாம். மஞ்சள் எழுத்து பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டரில் மறைந்தே போகும்.

எழுத்துருவைக் கட்டாயம் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் திறந்தால் மதுரை என்ற சொல் `kJiu` என்று தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடில் அடியுங்கள். அதோடு ஒரு பி.டி.எஃப் நகலும் பென்டிரைவில் இருக்கட்டும். பி.டி.எஃப் கோப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்து வந்துவிடும்.

எழுதி, பேசி, வெட்டுவது

ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தமிழுக்குப் பொருந்தாது. "அளந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். தமிழில் தெளிவாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பதிலிருந்து நூறு சொல் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு ஒரு நிமிடம் சத்தமாக வாசித்து, எத்தனை சொல் வருகிறது என்று உங்கள் கணக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை நிமிடத்துக்கு நானூறு சொல்லுக்குள் நிற்க வேண்டும். 1.4 என்று இலக்கத்தில் இருப்பதும் வாயில் "ஒன்று புள்ளி நாலு" என்று மூன்று சொல்லாக வரும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் முக்கால் நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதிக்கு ஒரு சிறு அட்டையில் ஆறேழு சொல் போதும். முழுதையும் மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் நின்றுவிடும். நின்றுகொண்டு, சத்தமாக, செல்போனில் நேரம் வைத்து, குறைந்தது மூன்றுமுறை பேசிப்பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப்பார்ப்பது கணக்கில் வராது. அது எப்போதும் வேகமாக முடிந்துவிடும்.

நேரம் கூடினால் முறையிலிருந்து வெட்டுங்கள். அடுத்து படத்தின் விளக்கத்திலிருந்து. பொருந்தாத இடங்களைப் பற்றிய பகுதியில் கைவைக்காதீர்கள். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். வேகம் கூடும்போது முதலில் விழுங்கப்படுவது வாக்கியத்தின் முடிவு. தமிழில் "தெரிந்தது", "தெரியவில்லை" எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முடிவை விழுங்கினால் பொருளே மாறிப்போகும்.

பல அரங்குகளில் நாலாவது நிமிடத்தில் ஒரு மணி அடிப்பார்கள். மணி கேட்கும்போது நீங்கள் பொருந்தாத இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். இன்னும் படத்திலேயே நின்றால், "இந்த முடிவுக்கு மூன்று எல்லை உண்டு" என்று நேராக அங்கே தாவுங்கள். எதை விட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். விட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி அரை நிமிடம் இப்படி இருக்கலாம்: "உங்கள் ஊர் மானாவாரிக் கண்மாயைத் தூர் வாரப் போகிறார்கள் என்றால், இப்போதே கரைக்குப் பக்கத்தில் இரண்டு கிணறும், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறும் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வாருவதற்கு முந்தைய அளவு எங்களிடம் இல்லை. அது உங்களிடம் இருந்தால், தூரின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு நம்மால் நெருங்கிப் போக முடியும். நன்றி."

கேள்வி நேரம்

வரக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிப்பார்த்தால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். இந்தப் பேச்சுக்குப் பேராசிரியர் புள்ளியியல் முறையைக் கேட்பார். பொறியாளர் வாரிய ஆழத்தையும் அள்ளிய மண்ணின் கனஅளவையும் கேட்பார். விவசாயி தன் போர்வெல்லைப் பற்றிக் கேட்பார். மாணவர் நைட்ரேட் என்ன ஆயிற்று என்று கேட்பார். பேச்சிலிருந்து வெட்டிய அட்டவணைகளை கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தால் இந்த இடத்தில் உதவும். கேள்வியை ஒருமுறை மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள். பின்வரிசைக்குக் கேள்வி கேட்டிருக்காது. பதில் இருபது, முப்பது விநாடிக்குள் இருக்கட்டும். "போர்வெல்லை நாங்கள் அளக்கவில்லை, அதனால் என்னால் சொல்ல முடியாது" என்பது முழுமையான பதில். அதோடு ஊகத்தைச் சேர்க்க வேண்டாம்.

பதில் சொல்லும் நேரம் முழுக்கத் திரையில் கடைசி ஸ்லைடை விட்டுவைக்காமல், இரண்டு கிணற்றுப் படத்துக்குத் திரும்பிவிடுங்கள். கேட்பவர் அந்தப் படத்தில் கைகாட்டித்தான் கேள்வியைத் தொடங்குவார்.